சவூதியிலிருந்து வந்த அடுப்பும் அதன் விவரத்தகடும்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இராமநாதபுரம் கடற்கரையை ஒட்டிய ஊர்களில், வளைகுடா நாடுகளுக்குச் சென்று பொருள் ஈட்டும் ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. அவர்கள் ஊர் திரும்பும்போது கொண்டுவரும் பெட்டிகளில் வீட்டு உபகரணங்களுக்கு என்றும் ஓர் இடம் உண்டு. முன்னாளில் பொருள் வந்து இறங்கிய பிறகுதான் அது நம் வீட்டு மின்சாரத்துக்கு ஒத்துவருமா என்ற விசாரணை தொடங்கும். இப்பொழுதோ, கடையில் நின்றபடியே பொருளின் முதுகுப்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறிய தகட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பி, 'இது நம்ம வீட்டில் ஓடுமா?' என்று கேட்டுவிடுகிறார்கள். அப்படி வரும் படத்தைப் பார்த்து, அதிலுள்ள ஆங்கிலத்தையும் அரபியையும் தமிழாக்கி விடை சொல்லும் பொறுப்பு, ஊரில் சற்றே மின்சாரம் படித்த எவருக்கேனும் வந்து சேருகிறது. அந்தத் தகட்டைப் பிழையின்றிப் படிக்கும் முறையைத்தான், நுண்ணலை அடுப்பு என்ற ஒரே சாதனத்தை முன்வைத்து இங்கே விளக்க விரும்புகிறேன்.

நுண்ணலை அடுப்பை, அதாவது எல்லோரும் மைக்ரோவேவ் ஓவன் என்று வழங்கும் பொருளை, நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஏனைய சாதனங்களின் தகட்டில் ஓர் அழுத்தமும் ஓர் அதிர்வெண்ணும் ஒரு திறனும் இருக்க, இதன் தகட்டிலோ அதிர்வெண் இரண்டு, திறன் இரண்டு இருக்கின்றன. ஆகையால் அளவைகளை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதற்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை. சவூதி அரேபியாவின் கடை ஒன்றில் எடுக்கப்பட்ட படத்தில் பெரும்பாலும் இத்தகைய வரிகள் காணப்படும்:

```
RATED VOLTAGE       220-240V~
RATED FREQUENCY     60Hz
INPUT (MICROWAVE)   1250W
OUTPUT (MICROWAVE)  800W
                    2450MHz
```

முதல் வரி மின்னழுத்தம். 220 முதல் 240 வோல்ட் வரை எந்த அழுத்தத்திலும் இதை இயக்கலாம் என்பது பொருள்; நம் நாட்டு வீட்டு இணைப்பின் 230 வோல்ட் அதற்குள் அடங்கிவிடுகிறது. எண்களுக்கு நடுவே உள்ள கோடு வீச்சைக் குறிக்கிறது; அங்கே சாய்கோடு இருந்து `110/220V` என்று எழுதப்பட்டிருந்தால் அது வீச்சன்று, இரண்டில் ஒன்று என்ற விகற்பம்; பொருளின் பின்புறத்தில் ஒரு மாற்றுச் சாவி இருக்கும், அதை உரிய பக்கம் தள்ளி வைக்கவேண்டும். V என்ற எழுத்தை அடுத்து வரும் அலைவடிவக் குறியையும் விட்டுவிடக் கூடாது. அது மாறுதிசை மின்சாரம் என்பதன் அடையாளம். மங்கலான படத்தில் அது வெறும் கோடாகத் தெரிந்து, `220V~60Hz` என்று நெருக்கி அச்சிட்ட தகட்டை '220 முதல் 60 வரை' என்று பொருளற்ற வீச்சாக எழுதியவர்களும் உண்டு. சீன, ஜப்பானியத் தகடுகளிலோ அதே அலைக்குறி `220~240V` என இரண்டு எண்களுக்கு நடுவில் நின்று 'முதல், வரை' என்ற பொருளையே தருகிறது. குறி நிற்கும் இடத்தைப் பார்த்தால் ஐயம் தீரும்: இருபுறமும் வோல்ட் எண்கள் இருந்தால் வீச்சு, V-க்குப் பின்னே தனித்து நின்றால் மாறுதிசை.

இரண்டாவது வரியை ஒருகணம் தள்ளிவைத்து, அதற்கடுத்த இரண்டு வரிகளைப் பார்ப்போம். 1250 வாட் என்பது சுவரிலிருந்து அடுப்பு வாங்கிக்கொள்ளும் மின்திறன். 800 வாட் என்பது அதற்குள் உற்பத்தியாகி உணவுக்குள் பாயும் நுண்ணலைகளின் திறன். எஞ்சிய 450 வாட் வெப்பமாகி, விசிறிக் காற்றோடு அடுப்பின் பின்பக்கம் வெளியேறுகிறது. இரண்டுக்கும் அளவை ஒன்றே. ஆயினும் அவை இரண்டு வெவ்வேறு வினாக்களுக்கு விடை. எத்தனை நிமிஷத்தில் சோறு சூடாகும் என்று கேட்பவருக்கு 800. எந்தப் பிளக்கில் மாட்டுவது, வீட்டு இன்வெர்ட்டர் தாங்குமா என்று கேட்பவருக்கு 1250. பெட்டியின் மேலட்டையில் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்துவது 800 என்பதால், தமிழில் 'திறன் 800 வாட்' என்று ஒற்றை வரியாக எழுதிக் கொடுத்துவிட்டால், படிப்பவர் 1000 வாட் தாங்கும் கருவி போதுமென்று வாங்கி ஏமாறுவார். 1250-ஐ 230 ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஐந்தரை ஆம்பியர் வருகிறது. 6 ஆம்பியர் சாக்கெட்டின் விளிம்பைத் தொடும் அளவு அது. எனவே, நம்மவர் பதினைந்து ஆம்பியர் பவர் பிளக் என்று சொல்லும், இக்காலத்தில் 16 ஆம்பியர் என்று முத்திரையிட்டு வரும் பெரிய சாக்கெட்டே அதற்கு ஏற்றது.

ஐந்தாவது வரியான 2450 மெகாஹெர்ட்ஸ், வினாடிக்கு 245 கோடி அதிர்வுகள். இது அடுப்புக்குள் மாக்னட்ரான் என்னும் குழாய் பிறப்பிக்கும் அலையின் அதிர்வெண். சுவர் மின்சாரத்தோடு இதற்குச் சம்பந்தமில்லை. ஆகவே, இரண்டு அதிர்வெண்களையும் அடைமொழியின்றி 'அதிர்வெண்' என்று மட்டும் எழுதுவது போதாது. 'மின்வழங்கல் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ்' என்றும், 'நுண்ணலை அதிர்வெண் 2450 மெகாஹெர்ட்ஸ்' என்றும் பிரித்து எழுதினால்தான் படிப்பவர் எதை ஆராயவேண்டும் என்று அறிவார். MHz என்பதன் முதலெழுத்தையும் அப்படியே காக்கவேண்டும். பெரிய M பத்து லட்சம் மடங்கு. சிறிய m ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் மாவட்டத்துக் கமுதியில் 2016ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட சூரிய மின்நிலையத்தின் திறன் 648 MW, அதாவது 64 கோடியே 80 லட்சம் வாட். அதே எழுத்துகள் சிறிய m-உடன் குறுந்தட்டுக் கருவியின் லேசர் எச்சரிக்கையில் வரும்போது ஒரு வாட்டின் ஆயிரத்தில் சில பங்குகளே பேசப்படுகின்றன. எழுத்தின் பருமன் மாறினால் நூறு கோடி மடங்கு வித்தியாசம் நேர்கிறது.

இனி இரண்டாவது வரி. தகட்டைப் பார்ப்பவர்களில் அனேகர் வோல்ட்டைப் பார்ப்பார்கள், வாட்டைப் பார்ப்பார்கள். ஹெர்ட்ஸைப் பார்ப்பவர் மிகக் குறைவு. வீட்டுக்கு வயரிங் செய்யவந்த வயர்மேன் ஒருவர், இத்தகைய அடுப்பின் தகட்டில் விரலை வைத்து, "காக்கா, இருநூத்தி நாற்பது வரைக்கும் போட்டிருக்கே, அப்புறம் என்ன? பிளக்கை மட்டும் மாத்திட்டா ஓடும்" என்று வீட்டுக்காரருக்குத் தைரியம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னதில் முதல் வரியைப் பொறுத்தவரை பிழையில்லை. ஆனால் நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. சவூதியின் மின்சாரம் 60 சுழற்சி. வளைகுடாக் கூட்டமைப்பு நாடுகளில் குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமான், ஐக்கிய அமீரகம் ஆகிய யாவும் நம்மைப் போல் 50 சுழற்சியிலேயே இயங்க, சவூதி அரேபியா மட்டும் 60-ல் இயங்குகிறது. இந்த ஒரு பேதத்தின் பொருட்டு, அந்நாடுகளின் மின்கம்பிகளை இணைத்தபோது சவூதியின் அல்-ஃபாதிலி என்னுமிடத்தில், மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கி மறுபடியும் மாறுதிசையாக்கும் பெரியதொரு நிலையத்தையே எழுப்பவேண்டியிருந்தது. ஆகையால் துபாயிலிருந்து வந்த அடுப்புக்கும் தமாமிலிருந்து வந்த அடுப்புக்கும், பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், இந்த வரியில் வேற்றுமை இருக்கக்கூடும். எதிர்க்கரையான இலங்கையிலிருந்து வரும் பொருளுக்கு இந்த விசாரம் இல்லை. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

பத்துச் சுழற்சி குறைந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பது நியாயமே. பழைய அமைப்பிலான நுண்ணலை அடுப்புக்குள், இரும்புத் தகடுகளை அடுக்கிக் கம்பி சுற்றிய கனத்த மின்மாற்றி ஒன்று இருக்கிறது. அடுப்பைத் தூக்கும்போது ஒரு பக்கம் மட்டும் பளுவாக இருப்பது அதனால்தான். அதன் சுருளில் மின்னழுத்தம் ஒரு திசையில் நிற்கும் காலமெல்லாம் இரும்புக்குள் காந்தம் ஏறிக்கொண்டே போகும். திசை மாறியதும் இறங்கத் தொடங்கும். 60 சுழற்சியில் ஒரு திசையின் காலம் வினாடியில் ஆயிரத்தில் எட்டேகால் பங்குக்குச் சற்று மேல். 50 சுழற்சியில் ஆயிரத்தில் பத்துப் பங்கு. குழாயில் விழும் நீரின் வேகத்தை மாற்றாமல், எட்டு நொடியில் நிரம்பும்படி அளந்து வைத்த குடத்தைப் பத்து நொடி பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி வழியுமோ, அப்படியே அழுத்தம் மாறாமல் காலம் மட்டும் நீளும்போது, ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான காந்தத்தை இரும்பு ஏற்கவேண்டியதாகிறது. செலவைக் கருதி, இரும்பை அதன் எல்லைக்கு மிக அருகிலேயே வைத்து அடுப்பைச் செய்கிறார்கள். எல்லை தாண்டியதும் இரும்பு மேலும் காந்தமாக மறுக்க, சுருள் தன்னைக் கட்டுப்படுத்தும் சக்தியை இழந்து, அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தை இழுக்கிறது. அதன் விளைவு சூடு. மின்மாற்றி வழக்கத்தைவிடக் கனமாக உறுமும். சற்று நேரத்தில் வார்னிஷ் காயும் நெடி வரும். சில அடுப்புகளில் உள்ளே இருக்கும் ஃபியூஸ் முதல் நாளே போய்விடும், சிலவற்றில் சுருள் சில மாதங்களுக்குப் பிறகு கருகும். மின்மாற்றியோடு சேர்ந்து இயங்கும் மின்தேக்கியும் 60 சுழற்சிக்கென்று கணித்ததே ஆகையால், இவ்வளவு சூட்டுக்கும் பிரதியாக உணவுக்குக் கிடைக்கும் திறனோ குறைந்தே இருக்கும்.

இந்தச் சுழற்சிப் பேதத்தைக் கருவி ஏதுமின்றிக் கண்டுபிடிக்க ஓர் உபாயம் உண்டு. திருகி வைக்கும் கால அளவுக் குமிழ் உள்ள பல அடுப்புகளில், அக்குமிழைச் சுழற்றும் சிறு மோட்டார் மின்சாரத்தின் சுழற்சியையே எண்ணி ஓடுவது. 60-க்கென்று செய்ததை 50-ல் மாட்டினால் ஆறு நிமிஷம் வைத்தது மணியடிக்க ஏழு நிமிஷமும் பன்னிரண்டு வினாடியும் ஆகும். சுழற்சியை எண்ணும் எண் கடிகாரம் இருந்தால் அது மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும். கடிகாரம் பழுது என்று பலர் கடைக்குக் கொண்டுபோவது இதைத்தான். பழுதென்பது கடிகாரத்தில் இல்லை, அது தான் கற்ற கணக்கை ஒழுங்காகவே செய்துகொண்டிருக்கிறது.

இதற்குப் பரிகாரமாக மதுரையிலோ இராமநாதபுரத்திலோ ஒரு மின்மாற்றி வாங்கி நடுவில் வைத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மின்மாற்றி வோல்ட்டைத்தான் மாற்றும், சுழற்சியைத் தொடாது. 60-ஐ 50 ஆக்குவதும், 50-ஐ 60 ஆக்குவதும் வேறு வகை யந்திரத்தின் வேலை. அது அடுப்பின் விலையைவிடப் பன்மடங்கு விலையுள்ளது. அழுத்தத்தையும் அதே விகிதத்தில், அதாவது 220-லிருந்து சுமார் 183 வோல்ட்டுக்குக் குறைத்தால் இரும்பு நிரம்பாமல் தப்பும் என்பது உண்மைதான்; ஆனால் அப்பொழுது மாக்னட்ரானுக்குப் போதிய அழுத்தம் எட்டாது; அடுப்பு அடுப்பாக வேலை செய்யாது. ஆகவே இரும்பு மின்மாற்றி உள்ள அடுப்பின் தகட்டில் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால், அதை நம் ஊரில் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் முடிவு.

இதே வரி எல்லாச் சாதனத்துக்கும் இவ்வளவு கடுமையானதன்று. இஸ்திரிப் பெட்டி, கெட்டில் முதலிய சூடேற்றும் கம்பிச்சுருளுக்கு 50-ம் 60-ம் ஒன்றே. மிக்சியின் மோட்டார் கார்பன் தூரிகை வைத்தது, அதற்கும் கவலையில்லை. கைப்பேசிச் சார்ஜரிலும் மடிக்கணினி அடாப்டரிலும் `100-240V~ 50/60Hz` என்று இருக்கும், எங்கும் செல்லும். குளிர்சாதனப் பெட்டியும் மேசை விசிறியும் தூண்டல் மோட்டார் உடையவை. 60-க்கென்று மட்டும் செய்தவை இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், கூடுதல் சூட்டோடு ஓடும்.

சூடேற்றும் சாதனங்களில் அபாயம் வேறு வரியில் இருக்கிறது. சவூதியில் நெடுங்காலம் வீடுகளில் 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் சேர்ந்தே வழங்கின. 230 வோல்ட்டுக்கு மாறும் தீர்மானம் 2010-ல் எடுக்கப்பட்டு, படிப்படியாகவே நிறைவேற்றப்பட்டு வருகிறது. ஆகையால் அங்கிருந்து வந்த பழைய கெட்டிலின் தகட்டில் `127V 1000W` என்றும் இருக்கலாம். '1000 வாட்தானே, சிறியது' என்று எண்ணி 230 வோல்ட்டில் மாட்டினால், அழுத்தம் ஏறக்குறைய 1.8 மடங்காக, திறன் அதன் வர்க்கமாகிய மூன்றேகால் மடங்காகப் பெருகி, 3200 வாட்டுக்கு மேல் போய்க் கம்பி எரிந்துவிடும். 1000 வாட் என்ற எண், 127 வோல்ட் என்ற எண் பக்கத்தில் இருக்கும்வரைதான் சத்தியம். தகட்டின் வரிகளைத் தனித்தனியே பிரித்து ஒன்றை மட்டும் மொழிபெயர்த்து அனுப்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

அரபி அச்சுள்ள தகடாயின் எண்களில் விசேஷ கவனம் தேவை. அங்கு வழங்கும் எண்வடிவங்களில் சுழியம் ஒரு புள்ளி. ஐந்து ஒரு சிறு வட்டம், நமக்குச் சுழியம்போல் தோன்றும். ஆறு நம் கண்ணுக்கு ஏழுபோல் தெரியும். ஏழோ ஆங்கில V எழுத்தேதான். அதைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எட்டு. எனவே 50 என்பது வட்டமும் புள்ளியுமாக, 60 என்பது நம் ஏழும் ஒரு புள்ளியுமாக நிற்கும். எழுத்து வலமிருந்து இடம் ஓடினாலும், ஓர் எண்ணுக்குள் இலக்கங்கள் நம் வரிசையிலேயே இருக்கும்; வீச்சு மட்டும் சில தகடுகளில் பெரிய எண் முன்னாலும் சிறிய எண் பின்னாலுமாகத் தோன்றக்கூடும். கைப்பேசியின் மொழிபெயர்ப்பு வசதி தரும் எண்ணைப் படத்தோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏற்கவேண்டும்.

படம் மங்கலாயின் 5, 6, 8 ஆகியவை ஒன்றுபோல் தெரியும். வெள்ளித் தகட்டின்மேல் நேராகப் பிளாஷ் அடித்தால் எழுத்தே மறையும். பிளாஷை அணைத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் ஒளி விழும்படி சற்றுச் சாய்த்து எடுக்கச் சொல்லவேண்டும். பாம்பன், இராமேசுவரம் வீடுகளில் உப்புக்காற்றுப் பட்டு அலுமினியத் தகடு வெள்ளையாகப் பூத்திருந்தாலும் இம்முறையில் பொறித்த எழுத்து நிழலோடு தெரியும். ஆம்பியர் எண்ணும் தகட்டில் இருந்தால் ஒரு கணக்கு உதவுகிறது: வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி வருவது VA, உள்ளீட்டு வாட் ஒருபோதும் அதை மிஞ்சாது. 230 வோல்ட், 1250 வாட் என்று தெளிவாக இருக்கும் தகட்டில் ஆம்பியரை 5.2 என்று படித்தால், பெருக்கல் 1196 தருகிறது. வாட்டைவிடக் குறைவு, ஆகவே எங்கோ ஓர் இலக்கம் தவறு. அதே இடத்தில் 5.8 என்று படித்தால் 1334, கணக்குப் பொருந்துகிறது. ஆனால் ஹெர்ட்ஸுக்கு இந்தச் சோதனை கிடையாது. வோல்ட்டிலிருந்தோ வாட்டிலிருந்தோ அதை வருவிக்க முடியாது. அந்த இலக்கம் தெளியாவிட்டால் மறுபடம் கேட்பதைத் தவிர வழியில்லை.

சவூதியில் இருப்பவரிடம் அடுப்போ குளிர்சாதனப் பெட்டியோ கேட்கும் அன்பர்கள், பணம் கொடுக்குமுன்பே தகட்டின் படத்தை வாங்கி, அதில் 50Hz என்றோ 50/60Hz என்றோ இருந்தால் மட்டும் வாங்கச் சொல்லுங்கள். 60Hz என்று மட்டும் இருந்தால் வோல்ட் எவ்வளவு பொருந்தினாலும் கடையிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.